நீரூற்றுக்கான பம்பு: தொட்டியிலிருந்து தொடங்க வேண்டிய கணக்கு

தண்டையார்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில், பத்தடி விட்டமுள்ள வட்டத் தொட்டி ஒன்றைக் கட்டி, அதன் நடுவில் பத்து மில்லிமீட்டர் துளையுள்ள ஒற்றை நாசில் பொருத்தி, பாரிமுனையில் வாங்கி வந்த ஒரு சிறிய நீர்மூழ்கிப் பம்பை இணைத்திருந்தார்கள். தண்ணீர் ஐந்தடி உயரம் எழும்ப வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கத்தின் விருப்பம். பம்பின் அட்டைப் பெட்டியில் H max 2.5 m என்றும் Q max 2000 L/h என்றும் அச்சிட்டிருந்தது. இரண்டரை மீட்டர் என்றால் எட்டடிக்கு மேல். ஐந்தடிக்கு இது தாராளம் என்று நம்பித்தான் வாங்கியிருந்தார்கள். சுவிட்சைப் போட்டால் தாரை இரண்டரை அடிக்கு மேல் எழவில்லை.

"அண்ணே, பம்புல கோளாறா? மாத்திக் குடுக்கச் சொல்லலாமா?" என்று அங்கிருந்த எலக்ட்ரீஷியன் தம்பி என்னிடம் கேட்டார். பம்பில் எந்தக் கோளாறும் இல்லை. பெட்டியில் அச்சிட்டிருந்த இரண்டு எண்களும் உண்மையே. ஆனால் அவை இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதில்லை. புதிதாக நீரூற்று அமைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஒரு பம்பின் வெளியேறும் வாயில் நீளமான குழாயைச் செங்குத்தாகப் பொருத்தி ஓட விட்டால், தண்ணீர் குழாய்க்குள் ஏறிக்கொண்டே போய், ஓர் உயரத்தில் அப்படியே நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு சொட்டும் ஏறாது. அந்த உயரமே H max. அதாவது, பம்பு தன் முழு பலத்தையும் உயரத்துக்கே செலவிட்டுவிட்டது. வெளியே வரும் நீரின் அளவு பூஜ்யம். அதே பம்பின் வாயில் குழாயே இல்லாமல், தடையேதுமின்றித் தண்ணீரைத் தள்ள விட்டால் ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் வருமோ அது Q max. அப்போது உயரம் பூஜ்யம். நீரூற்று எப்போதும் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில்தான் ஓடுகிறது. அந்த இடம் எது என்பதைக் கண்டுபிடித்த பிறகே பம்பு வாங்க வேண்டும். கண்டுபிடிக்கத் தொடங்க வேண்டிய இடமோ பம்பு அல்ல, தொட்டி.

தாரையின் உயரத்தை நம் ஆசையை வைத்து முடிவு செய்ய முடியாது. தொட்டியின் விளிம்பு நாசிலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதுவே உயரத்துக்கு வரம்பு கட்டுகிறது. காற்று அதிகம் நுழையாத, சுற்றிலும் சுவர் உள்ள இடத்தில், நாசிலிலிருந்து விளிம்பு வரையுள்ள தூரத்துக்குச் சமமான உயரம் வரை தாரையை எழுப்பலாம் என்பதும், காற்று வீசும் திறந்த இடத்தில் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் இத்தொழிலில் பழகிப்போன விதி. நம் தொட்டியின் ஆரம் ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர். எனவே காற்றில்லாத வேளையில் ஐந்தடி; காற்றடிக்கும் வேளையில் இரண்டரை அடி.

வடசென்னையில் இந்த இரண்டாவது எண்ணை ஒதுக்கிவிட முடியாது. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கோடையில் பெரும்பாலான நாட்களில் நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே நுழைந்துவிடும். அந்தக் காற்று மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்தடி உயரத்திலிருந்து ஒரு துளி கீழே விழ அரை நொடிக்குச் சற்று மேலாகும். அந்த நேரத்துக்குள் இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள துளியைக் காற்று ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஒரு மில்லிமீட்டர் துளி ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். அதைவிடச் சிறியவை ஒன்றரை மீட்டர் விளிம்பைத் தாண்டித் தரையில் விழும். எட்டடி உயரம் வைத்திருந்தால், விழும் நேரமும் கூடி, பெரிய துளிகளும் வெளியே போயிருக்கும். துளி சிறுக்கச் சிறுக்க இழப்பு கூடுகிறது என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாசில் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது இது மீண்டும் வரும்.

நம் முற்றத்தில் மூன்று பக்கம் கட்டடமும், கிழக்கே மட்டும் வாசல் திறப்பும் இருந்தன. ஆகவே உச்ச உயரம் ஐந்தடி என்றும், காற்று வரும்போது வால்வைத் திருகிக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் முடிவு செய்தோம்.

இனி, ஐந்தடி எழும்ப எவ்வளவு நீர் வேண்டும்? ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நீரை எறிய வேண்டுமானால், நாசிலை விட்டு அது வெளியேறும் வேகத்தைப் பள்ளியில் படித்த v = √(2gh) என்ற சூத்திரமே சொல்லிவிடும். நொடிக்கு 5.4 மீட்டர் வருகிறது. ஆனால் காற்றின் உராய்வும் நாசிலுக்குள் ஏற்படும் இழப்பும் இருப்பதால், ஒன்றரை மீட்டர் எழும்ப நாசிலின் அடியில் ஏறக்குறைய 1.8 மீட்டர் ஹெட் கிடைக்க வேண்டும் என்று இருபது சதவீதம் கூட்டிக்கொள்வது நல்லது. ஹெட் என்பது, அந்த அழுத்தம் எத்தனை மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தைத் தாங்கி நிறுத்தும் என்பதைக் குறிக்கும் அளவு. 1.8 மீட்டர் ஹெட்டில், பத்து மில்லிமீட்டர் துளை வழியாக ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1600 லிட்டர் வெளியேறும்.

நாசிலின் துளையைப் பாதியாக, ஐந்து மில்லிமீட்டராகக் குறைத்தால், அதே உயரத்துக்கு 400 லிட்டர் போதும். விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிவிடுகிறது. அதனால்தான் இந்த வேறுபாடு. நீரும் மின்சாரமும் மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் மெல்லிய தாரை சீக்கிரம் உடைந்து பொடித்துளிகளாகிவிடும். கடற்காற்றுக்கு அதுதான் எளிதான இரை. பத்து மில்லிமீட்டர் தாரை, உச்சிக்குப் போகும் வரை கண்ணாடிக் கம்பி போலச் சேர்ந்தே நின்று, பெரிய துளிகளாகத் திரும்பி விழுகிறது. கடலோரத்தில் பருமனான தாரைக்காகச் சற்றுக் கூடுதல் நீரோட்டத்தை ஏற்றுக்கொள்வதே சரி என்பது என் கருத்து. (நுரை பொங்கும் வகை நாசில்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை காற்றையும் சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு எழுவதால், அதே உயரத்துக்கு மிகக் கூடுதலான அழுத்தமும் நீரும் கேட்கும். அவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் அட்டவணையையே பார்க்க வேண்டும்.)

அடுத்தது பைப். பம்பிலிருந்து நாசில் வரை மூன்று மீட்டர் பைப் போகிறது. இடையில் இரண்டு எல்போ, ஒரு பால் வால்வு. உள்விட்டம் ஓர் அங்குலம் உள்ள பி.வி.சி. பைப்பில் மணிக்கு 1600 லிட்டர் ஓடினால், இந்த மூன்று மீட்டர் பைப்பிலும் இணைப்புகளிலும் சேர்த்து ஏறக்குறைய கால் மீட்டர் ஹெட் வீணாகும். அது தாங்கக்கூடியதே. ஆனால் பலர், பம்போடு இலவசமாக வரும் அரை அங்குல ஹோஸையே அப்படியே மாட்டிவிடுகிறார்கள். அதே நீரோட்டத்தை அந்த ஹோஸின் மூன்று மீட்டர் நீளத்துக்குள் தள்ளுவதற்கு மட்டும் ஏறக்குறைய 2.8 மீட்டர் ஹெட் வேண்டும். தாரைக்குத் தேவையானதை விட அதை நாசிலுக்குக் கொண்டுபோகும் குழாய்க்குக் கூடுதலாகச் செலவிடும் நிலை இது. பைப்புக்காகக் கூடுதலாகச் செலவிடும் சில நூறு ரூபாய், பெரிய பம்பு வாங்கும் செலவைத் தவிர்த்துவிடும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. பம்பு ஒன்றரை அடி ஆழத்தில் கிடக்கிறது என்பதற்காக அந்த ஆழத்தையும் உயரக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. பம்புக்கு மேலே உள்ள நீரே அதன் வாயில் அந்த அளவு அழுத்தத்தைத் தந்துவிடுகிறது. நீர்மட்டத்திலிருந்து நாசிலின் வாய் எவ்வளவு மேலே இருக்கிறதோ அதை மட்டும் சேர்த்தால் போதும். நம் தொட்டியில் அது பத்து சென்டிமீட்டர்.

இப்போது மூன்றையும் கூட்டுவோம். நாசிலுக்கு 1.8 மீட்டர், பைப்புக்கு 0.25 மீட்டர், நீர்மட்டத்துக்கு மேலே 0.1 மீட்டர், ஆக 2.15 மீட்டர் ஹெட்டில் மணிக்கு 1600 லிட்டர் தரும் பம்பு வேண்டும். கடையில் கேட்க வேண்டியது இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத்தான்.

தயாரிப்பாளர் தரும் வளைகோட்டுப் படம் கிடைத்தால், அதில் 1600 லிட்டருக்கு நேராக எவ்வளவு ஹெட் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சிறிய பம்புகளுக்குப் பெரும்பாலும் படம் கிடைக்காது. அப்போது ஒரு கட்டத்தாளில் நாமே வரையலாம். நிற்கும் கோட்டில் H max-ஐயும், கிடைக்கோட்டில் Q max-ஐயும் குறித்து, இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைக்க வேண்டும். உண்மையான வளைகோடு பெரும்பாலும் இந்த நேர்கோட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கும் என்பதால், கணக்கு நமக்குப் பாதுகாப்பான பக்கத்திலேயே நிற்கும்.

எலக்ட்ரீஷியன் தம்பியின் கையிலிருந்த மின்கட்டண அட்டையின் பின்பக்கத்திலேயே அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டினேன். பெட்டியிலிருந்த 2.5 மீட்டரையும் 2000 லிட்டரையும் இணைத்தால், 1600 லிட்டருக்கு நேராக அரை மீட்டர் ஹெட்தான் வருகிறது. நமக்கு வேண்டியதோ 2.15. ஆகவே பம்பு தன்னால் முடிந்த இடத்துக்கு இறங்கி வருகிறது: மணிக்கு ஏறக்குறைய 1100 லிட்டர், 1.1 மீட்டர் ஹெட். தாரையின் உயரம் நீரோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீரோட்டம் பாதியானால் உயரம் கால் பங்காகும். 1600 லிட்டர் 1100 ஆகக் குறைந்ததும், தாரை ஐந்தடியில் ஏறக்குறைய பாதியாகி இரண்டரை அடியை ஒட்டி நின்றதற்குக் காரணம் இதுவே. நாங்கள் அளவுகோல் வைத்துப் பார்த்தது இரண்டரை அடி. கோடும் அதையே சொன்னது.

"அப்போ இந்தப் பம்பு வீணா, அண்ணே?" என்றார் தம்பி. வீண் இல்லை. நாசிலை ஏழு மில்லிமீட்டருக்கு மாற்றினால், துளையின் பரப்பு பாதியாகி, அதே பம்பில் தாரை நான்கடியை எட்டும். மூடிய இடமாக இருந்தால் அதையே பரிந்துரைத்திருப்பேன். காற்று வரும் இந்த முற்றத்துக்குப் பருமனான தாரை வேண்டியிருந்ததால், 4 மீட்டரும் 3500 லிட்டரும் எல்லைகளாக உள்ள வேறொரு பம்பைத் தேடினோம். அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில் 1600 லிட்டருக்கு நேராக 2.17 மீட்டர் வருகிறது. நம் தேவைக்குச் சரியாகப் பொருந்துகிறது. உண்மையான வளைகோடு தரும் சிறு உபரியை வால்வு கவனித்துக்கொள்ளும். அந்த வால்வு பம்புக்கும் நாசிலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பம்பு நீரை உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் நெரிக்கக் கூடாது. தொட்டி நீரில் மின்சாரம் ஓடும் பொருள் கிடக்கிறது என்பதால், அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம் வேண்டும். குழந்தைகள் விளிம்பில் கை நனைக்கும் இடத்தில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

புதுப் பம்பு வைத்ததும் தாரை ஐந்தடியைச் சற்றுத் தாண்டி எழுந்தது. வால்வைக் கொஞ்சம் மூடி ஐந்தடிக்குக் கொண்டுவந்தோம். மூன்றாவது வாரம் சங்கத்தின் செயலாளர் அம்மா வேறொரு குறையோடு அழைத்தார். தொட்டியில் வாரம் இருமுறை தண்ணீர் விட வேண்டியிருக்கிறது, கட்டுமானத்தில் கசிவு இருக்குமோ என்பது அவருடைய கவலை. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடியிருப்பில் அந்தக் கவலை நியாயமானதே.

தொட்டி நீர் குறைவதற்கு மூன்று வழிகள்தான் உண்டு: ஆவியாதல், கசிவு, தெறிப்பு. இவற்றைப் பிரித்தறிய ஒரு பிளாஸ்டிக் வாளியும் அளவுகோலும் போதும். முதலில் பம்பை ஒரு நாள் முழுவதும் நிறுத்திவிட்டு, வாளியில் நீர் நிரப்பி, அது மிதக்காமல் இருக்கக் கல்லொன்றைப் போட்டு, தொட்டிக்குள்ளேயே வாளியின் வாய் மேலே தெரியும்படி வைத்தோம். வாளியின் உள்ளேயும் தொட்டிச் சுவரிலும் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்தோம். மறுநாள் அதே நேரத்தில் பார்த்தபோது வாளியில் ஆறு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. தொட்டியிலும் அதே ஆறு. வாளியில் நடந்தது ஆவியாதல் மட்டுமே; தொட்டியிலும் அதே அளவு என்றால் கசிவு இல்லை என்று பொருள். தொட்டியில் கூடுதலாக இறங்கியிருந்தால், அந்தக் கூடுதலே கசிவு.

அடுத்த நாள் பம்பை வழக்கம் போல மாலை நான்கு முதல் பத்து வரை ஆறு மணி நேரம் ஓட்டி, மீண்டும் இருபத்து நான்கு மணி நேரக் கணக்கை எடுத்தோம். இம்முறை தொட்டியில் இருபத்தைந்து மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஆவியாதலுக்கான ஆறைக் கழித்தால் மீதி பத்தொன்பது. பத்தடி விட்டமுள்ள தொட்டியில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஏறக்குறைய ஏழு லிட்டர். ஆகவே ஒரு மாலையில் தெறித்தும் காற்றில் பறந்தும் போனது ஏறக்குறைய 133 லிட்டர். ஆறு மணி நேரத்தில் நாசில் வழியாக ஓடிய 9600 லிட்டரோடு ஒப்பிட்டால் இது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. சதவீதமாகப் பார்த்தால் அற்பம். குடத்தில் அளந்தால், பதினைந்து லிட்டர் குடத்தால் ஒன்பது குடம். ஒரே நீர் மீண்டும் மீண்டும் சுற்றுவதால், தாரையில் ஒரு சிறு பங்கு வெளியே போனாலும் அது மணிக்கு மணி கூடிக்கொண்டே போகிறது.

எந்த வழியில் போகிறது என்பதைத் தொட்டியே காட்டிவிட்டது. விளிம்பில் பதித்த கறுப்புக் கிரானைட்டின் மேற்குப் பக்கத்தில் மட்டும் வெள்ளைப் படலம் பிறைவடிவமாகப் படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டிக்கொண்டு வந்தது. கிழக்குப் பக்கக் கிரானைட் கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. உப்பேறிய நீரின் துளிகள் மேற்கே விழுந்து, காய்ந்து, உப்பை விட்டுச் செல்கின்றன. விளிம்பு முழுவதும் வட்டமாக நனைந்திருந்தால், விழும் நீர் தொட்டி நீரில் மோதித் தெறிப்பதையோ, விளிம்புக் கல்லின் சரிவு வெளிப்பக்கம் இருப்பதையோ சந்தேகிக்க வேண்டும். விளிம்புக் கல்லை உட்பக்கம் சற்றுச் சாய்த்துப் பதித்தால், அதன் மேல் விழுந்த நீர் தொட்டிக்கே திரும்பும். கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய செய்தி இது. நம் தொட்டியில் அந்தச் சரிவு சரியாகவே இருந்தது. ஆகவே குற்றவாளி காற்றுதான்.

இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. மாலை ஏழு மணி வரை வால்வை மூடித் தாரையை மூன்றடிக்கு இறக்கிவைப்பதென்றும், காற்று தணிந்த பிறகே ஐந்தடிக்கு ஏற்றுவதென்றும் காவலாளி ஐயாவிடம் சொல்லி, வால்வின் கைப்பிடி நிற்க வேண்டிய இரண்டு இடங்களைச் சிவப்புப் பெயிண்டால் குறித்துக் கொடுத்தோம். மூன்றடிக்கு இறக்கினால் நீரோட்டம் 1600 லிட்டரிலிருந்து 1240 லிட்டராகத்தான் குறைகிறது; தாரை பார்வைக்கு அப்படியே பருமனாக நிற்கிறது. ஆனால் துளிகள் விழும் நேரம் குறைந்து, விளிம்புக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மறுவாரம் எடுத்த அளவில் நாளொன்றுக்குப் பத்து மில்லிமீட்டரே இறங்கியது; அதில் தெறிப்பு நான்கு, அதாவது இருபத்தெட்டு லிட்டர். ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமாக வரும். அப்போது வெள்ளைப் படலம் எதிர்ப்பக்கம் தோன்றுகிறதா என்று பார்த்து, வால்வின் நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

தெறிப்பைக் கணக்கில் கொள்ளாமல் பம்பு வைப்பதால் வரும் இன்னொரு சேதம், பம்பே எரிந்துபோவது. நாளுக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் இறங்கும் தொட்டியில் யாரும் ஆறு நாள் கவனிக்காவிட்டால் பதினைந்து சென்டிமீட்டர் போய்விடும். பம்பின் வாய்க்கு மேல் உள்ள நீர் குறையக் குறைய அது சுழல் வழியாகக் காற்றையும் சேர்த்து இழுக்கும். தாரை விட்டுவிட்டு எழும். இருமுவது போன்ற சத்தம் வரும். நீரால் குளிர வேண்டிய மோட்டார் சூடேறும். தாரை இப்படித் திடீரென்று துள்ளினால் நீர்மட்டத்தைப் பாருங்கள். துள்ளல் எதுவுமின்றி வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குட்டையாகிக்கொண்டே வந்தால், பம்பின் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். பாசியும் புறா இறகும் அடைத்திருக்கும். வடிகட்டி சுத்தமாக இருந்தும் தாரை ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தால், நாசிலின் வாயில் உப்பு கட்டியிருக்கிறது. அதை ஆணியால் குடையாமல், ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுக்க வேண்டும். பித்தளை வாயில் ஒரு கீறல் விழுந்தாலும் தாரை அந்த இடத்திலிருந்தே பிரிந்து, பொடித்துளியாகி, மீண்டும் மேற்குப் பக்கக் கிரானைட்டில் போய் விழத் தொடங்கிவிடும்.